ஒன்பது நிமிட வீடியோவில் நான் எங்கே?

கேள்வி: அப்பா பணி ஓய்வு பெற்றதை ஒட்டி உறவினர்கள், நண்பர்கள், கூட வேலை பார்த்தவர்கள் என்று 38 பேரிடம் மொபைலில் வாழ்த்துப் பேசி அனுப்பச் சொன்னேன். வந்தது மொத்தம் 52 நிமிடம். அதை 9 நிமிட வீடியோவாக வெட்டிக் கோர்த்து, ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போட்டுக் காட்டிவிட்டேன். நாலு பேருடையதைச் சேர்க்க முடியவில்லை: இரண்டு தாமதமாக வந்தன, ஒன்றில் குரல் கேட்கவில்லை, இன்னொன்றில் பெரியப்பா பழைய பணத் தகராறை இழுத்திருந்தார். இப்போது எல்லோருக்கும் வீடியோவையும் நன்றியையும் அனுப்ப வேண்டும். "உங்கள் அனைவரின் ஒத்துழைப்புக்கும் மனமார்ந்த நன்றி, வீடியோ லிங்க் கீழே" என்று எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பத்தான் கை வரவில்லை. என்ன எழுதட்டும்? எப்படி அனுப்பட்டும்?

பதில்:

உங்கள் கை தயங்குவது சரியான இடத்தில்தான். அந்த ஒரு வரியை இன்றைக்கு அனுப்பாதீர்கள். இரண்டு மூன்று நாள் தாமதமானால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். அப்பா பார்த்து முடித்த பிறகு அனுப்ப நினைத்தீர்களே, அது நல்லது. முன்பே அனுப்பியிருந்தால் யாராவது ஒருவர் அப்பாவுக்கே அனுப்பி வைத்திருப்பார். எழுதுவதற்கும் உங்களிடம் ஒன்றுமே இருந்திருக்காது. அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பிறந்தநாள், பணி ஓய்வு, திருமண நாள் என்று பலர் அனுப்பும் க்ளிப்புகளைத் தொகுத்துக் கொடுப்பது என் வேலை. இதில் ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரியும். வீடியோவைத் திறக்கிறவர் முதல் தடவை உங்கள் அப்பாவுக்காகப் பார்க்க மாட்டார், தன் முகம் எங்கே வருகிறது என்றுதான் பார்ப்பார். தன் முகம் வந்து போன பிறகுதான் அவருக்கு மற்றவர்கள் கண்ணில் படுவார்கள். இதில் தப்பு ஒன்றும் இல்லை. வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, ஃபோனை எதிலாவது சாய்த்து வைத்து, மூன்று தடவை திணறி நாலாவது தடவை பேசி அனுப்பியிருப்பார். அது என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு.

பல வருடம் முன்பு ஒரு தொகுப்பை முடித்து, எல்லோருக்கும் ஒரே மாதிரி நன்றி எழுதி லிங்க்கை அனுப்பினோம். ஒரு வயதான அம்மாவின் க்ளிப்பை நான் விட்டிருந்தேன். படம் மிகவும் இருட்டாக இருந்தது என்பதுதான் காரணம். மறுநாள் அவர் அந்த வீட்டாருக்கு ஃபோன் செய்து, "எனக்கு வந்த வீடியோ முழுசா வரலை போல இருக்கு, மூணு தடவை கடைசி வரைக்கும் பார்த்துட்டேன், திரும்ப அனுப்புறீங்களா" என்று கேட்டிருக்கிறார். தன்னை விட்டிருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, லிங்க்கில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்திருக்கிறார். அன்றிலிருந்து, விடுபட்டவரிடம் முதலில் பேசாமல் யாருக்கும் லிங்க் அனுப்பக் கூடாது என்று வைத்துக்கொண்டேன்.

ஆகவே உங்கள் நாலு பேரிலிருந்து ஆரம்பிப்போம். என் கணக்கில் அந்த நாலு பேரில் மூன்று பேரை இப்போதும் உள்ளே கொண்டுவர முடியும்.

தாமதமாக வந்த இரண்டையும் சேர்த்துவிடுங்கள். அப்பா பார்த்த வீடியோவும் மற்றவர்களுக்குப் போகிற வீடியோவும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எடிட்டிங் புராஜெக்ட்டை இன்னும் அழித்திருக்க மாட்டீர்கள், அதைத் திறந்து, கடைசி நன்றிப் பலகைக்குச் சற்று முன்னால் இரண்டையும் வையுங்கள். நடுவில் நுழைக்காதீர்கள். நடுவில் வைத்தால் அதற்குப் பின்னால் வருகிறவர்களின் நேரமெல்லாம் தள்ளிப் போகும், அந்த நேரங்கள் நமக்குத் தேவைப்படப் போகின்றன. கடைசியில் வருவது குறைவான இடமும் இல்லை, பார்த்து முடித்தவர்களுக்கு நினைவில் நிற்பது அந்த முகங்கள்தான். அந்த இரண்டு க்ளிப்பையும் முதலில் அப்பாவுக்குக் காட்டிவிடுங்கள். அப்படிச் செய்தால் அவர்களுக்கு, "உங்களுடையது ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான் என் கைக்கு வந்தது. அப்பாவுக்குத் தனியாகப் போட்டுக் காட்டினேன். எல்லோருக்கும் அனுப்புகிற வீடியோவில் கடைசியில் சேர்த்திருக்கிறேன்" என்று எழுதலாம். இதில் மன்னிப்பும் இல்லை, தாமதமாக அனுப்பினீர்களே என்ற குத்தலும் இல்லை, நடந்தது அப்படியே இருக்கிறது.

குரல் கேட்காத க்ளிப்பை ஹெட்ஃபோன் மாட்டி இன்னொரு தடவை கேளுங்கள். இடது காதில் மட்டும் குரல் வந்து வலது காதில் ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். அப்படி இருந்தால் அந்த ஒரு பக்கத்து ஒலியை இரண்டு பக்கத்துக்கும் எடுத்துக்கொள்ள எடிட்டிங் மென்பொருளில் வழி உண்டு. குரல் சன்னமாக இருந்து பின்னணி இரைச்சல் குறைவாக இருந்தால், ஒலியைக் கூட்டி, பேசுவதைத் திரையில் எழுத்தாகவும் போட்டுவிடலாம். ஆனால் மைக் துளையை விரல் முழுவதும் மூடியிருந்தாலோ, வேறு அறையில் கிடந்த ப்ளூடூத் இயர்ஃபோனின் மைக் ஒலியை எடுத்திருந்தாலோ, பேச்சு கேட்கும்படி பதிவாகவில்லை என்று அர்த்தம். பதிவாகாததை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. அப்போது அவரையே கூப்பிட்டு, "படம் நன்றாக வந்திருக்கிறது, குரல் மட்டும் பதிவாகவில்லை. என்ன பேசினீர்கள் என்று சொல்லுங்கள், எழுத்தாகப் போட்டுவிடுகிறேன்" என்று கேளுங்கள். அவர் சொல்வதிலிருந்து ஒரு வாக்கியம் எடுத்து, அவர் முகம் தெரியும் ஏழெட்டு விநாடியின் கீழே எழுதி, மேலே இசையை ஓடவிடுங்கள். பேசாத முகத்துக்குக் கீழே எழுத்து வருவது நன்றாகவே இருக்கும். திரும்பப் பேசி அனுப்பச் சொல்லலாமே என்று தோன்றும். நான் சொல்ல மாட்டேன். நிகழ்ச்சி முடிந்த பிறகு இரண்டாவது தடவை பேசுவதில் முதல் தடவை இருந்த மனசு இருக்காது.

இனிப் பெரியப்பா. உங்களுக்கு உண்மையில் கை வராததற்குக் காரணம் இவர்தான் என்று நினைக்கிறேன்.

அவருடைய க்ளிப்பைத் திரும்ப ஒரு தடவை, இந்த முறை வெட்டுகிறவராகப் பாருங்கள். தகராறுப் பேச்சுக்கு முன்போ பின்போ, தனியாக எடுத்தாலும் அர்த்தம் மாறாத ஒரு முழு வாக்கியம் வாழ்த்தாக இருக்கிறதா? இருந்தால் அதை மட்டும் எடுங்கள். அரை வாக்கியத்தை எடுத்து, "ஆனால்" வருவதற்கு முன்னால் வெட்டிவிட்டால், அவர் சொல்லாததை அவர் வாயில் வைத்ததாக ஆகிவிடும். பார்த்தவுடன் அவருக்கு அது தெரியும். அவருடைய கோபம் நியாயமாகவும் இருக்கும். அப்படி ஒரு வாக்கியம் இல்லையென்றால் சேர்க்க வேண்டாம், நீங்கள் முதலில் எடுத்த முடிவே சரி.

எப்படி ஆனாலும், லிங்க் போவதற்கு முன்னால் அவரிடம் சொல்லியாக வேண்டும். குறுஞ்செய்தியாக அனுப்பாமல் ஃபோனில் சொல்லுங்கள். நேரில் முடிந்தால் இன்னும் நல்லது. "இடம் போதவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். 37 பேருக்கு இருந்த இடம் அப்பாவின் சொந்த அண்ணனுக்கு இல்லையா என்ற கேள்வி வரும், அதற்கு உங்களிடம் பதில் இருக்காது. நான் இப்படிச் சொல்லச் சொல்வேன்: "பெரியப்பா, நீங்க பேசி அனுப்பினதை முழுசாப் பார்த்தேன். அந்தப் பண விஷயம் எல்லாரும் உட்கார்ந்து பார்க்கிற இடத்துல வர வேண்டாம்னு நானே முடிவு பண்ணி எடுத்துட்டேன். அப்பாவுக்கு இது தெரியாது. அப்பாகிட்ட அதைக் காட்டணும்னு நீங்க நினைச்சா சொல்லுங்க, அவருகிட்ட மட்டும் கொடுக்கிறேன்." முடிவு உங்களுடையது என்று சொன்னால் கோபம் உங்களோடு நிற்கும், அண்ணன் தம்பிக்கு நடுவில் போகாது. அவர் கத்தலாம், கேட்டுக்கொள்ளுங்கள். தொகுக்கிறவர் சில நேரம் இதையும் தாங்கித்தான் ஆக வேண்டும்.

சரி, இனி மற்ற 34 பேர். அவர்களுக்கு வேறு ஒரு குறை இருக்கும்: "நான் இவ்வளவு பேசினேனே, இத்தனூண்டுதான் வந்திருக்கிறது." கணக்குப் போட்டுப் பாருங்கள். 52 நிமிடத்தை 38 ஆல் வகுத்தால் ஒருவர் சராசரியாக 1 நிமிடம் 20 விநாடிக்கு மேல் பேசியிருக்கிறார். 9 நிமிடத்தை 34 ஆல் வகுத்தால் ஒருவருக்குக் கிடைத்தது 16 விநாடி கூட இல்லை. எல்லோருக்குமே அப்படித்தான் என்பது உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவர் தன் பேச்சு மட்டும்தான் வெட்டுப்பட்டது என்று நினைப்பார். அதனால் இந்த எண்ணைச் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள்: "எல்லாரும் அனுப்பியது சேர்ந்து 52 நிமிடம் வந்தது. ஒரே உட்காரலில் பார்க்கும்படி சுருக்கினேன், எல்லோர் பேச்சையும் வெட்ட வேண்டியதாயிற்று." இந்த இரண்டு வாக்கியம் போதும். "மன்னிக்கவும், தப்பாக நினைக்க வேண்டாம்" என்று தொடர்ந்து எழுதினால், அவர் நினைக்காத தப்பையும் நீங்களே நினைக்க வைப்பீர்கள்.

இப்போது செய்தியின் நடுப்பகுதிக்கு வருகிறேன். உங்கள் ஒரு வரியில் இல்லாதது இதுதான்: அப்பா என்ன செய்தார்? அந்த 38 பேரும் பேசியது அப்பாவிடம், ஆனால் அப்பா கேட்டபோது அவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. நீங்கள் இருந்தீர்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டியது அதுதான், "மனமார்ந்த", "இதயபூர்வமான" எல்லாம் அதற்கு ஈடாகாது. அப்பாவுக்குக் காட்டுவதற்கு முன்பே அனுப்பியிருந்தால் எழுத ஒன்றும் இருந்திருக்காது என்று மேலே சொன்னது இதனால்தான்.

ஆகவே இன்று மாலை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். புதிதாகச் சேர்த்த வீடியோவை அப்பாவோடு உட்கார்ந்து ஒரு தடவை ஓடவிடுங்கள், கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். ஒவ்வொரு முகம் வரும்போதும் பெயர், எத்தனையாவது நிமிடம் விநாடி, அவர் பேசியதில் ஒரு சொல், அப்பா செய்ததோ சொன்னதோ ஒன்று, இவ்வளவுதான் எழுத வேண்டும். எல்லோருக்கும் அப்பா ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். பாதிப் பேருக்குச் சிரிப்பாரோ, "இவன் எப்படி மெலிஞ்சுட்டான்" என்பாரோ, அவ்வளவுதான் இருக்கும். அதையே எழுதுங்கள். ஒன்றும் சொல்லாமல் பார்த்தவருக்கு, அவர் பேசியதிலிருந்து நீங்களே ஒன்றை எடுத்து எழுதுங்கள். நடக்காத கண்ணீரை எழுதாதீர்கள். நாளைக்கே அவர் அப்பாவிடம் ஃபோனில் அதைப் பற்றிப் பேசுவார், அப்பா விழிப்பார்.

அப்படி நோட்டில் எழுதிய ஒரு வரியை வைத்துச் செய்தி எப்படி வரும் என்று காட்டுகிறேன். அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர், முதல் நாள் வேலைக்கு வந்தபோது அப்பா தன் நாற்காலியை விட்டுக் கொடுத்ததைச் சொல்லியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"வணக்கம் சார். அப்பாவுக்காக நீங்கள் பேசி அனுப்பிய வாழ்த்தை ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். நீங்கள் அந்த நாற்காலிக் கதையைச் சொன்னபோது அப்பா நிறுத்தச் சொல்லி, அது எந்த அறை, யார் யார் இருந்தார்கள் என்று எங்களுக்கு விவரமாகச் சொன்னார். எங்களுக்கு அது புதுச் செய்தி. மிக்க நன்றி சார்.

முழு வீடியோவின் லிங்க்கை இதோடு அனுப்புகிறேன். நீங்கள் வருவது 3 நிமிடம் 24ஆவது விநாடியில். எல்லாரும் அனுப்பியது சேர்ந்து 52 நிமிடம் வந்ததால் ஒவ்வொருவர் பேச்சையும் சுருக்க வேண்டியிருந்தது. நீங்கள் பேசியது முழுவதும் அப்பாவிடம் தனியாக இருக்கிறது.

எல்லாரும் வீட்டுக்குள் பேசுகிற மாதிரி பேசியிருப்பதால், இதை வேறு எங்கும் பதிவிடாமல் உங்கள் வீட்டாரோடு மட்டும் பாருங்கள்."

இதில் முதல் பத்தி மட்டும்தான் ஆளுக்கு ஆள் மாறும். கீழே இருக்கும் இரண்டும், நேரத்தைத் தவிர, எல்லோருக்கும் ஒன்றுதான். முதல் பத்தியை எழுதி முடித்ததும், அதை வேறு ஒருவருக்கு அனுப்பினால் பொருந்துமா என்று பாருங்கள். பொருந்தினால் நோட்டைத் திரும்பப் புரட்டுங்கள். "வணக்கம் சார்" என்பது சித்திக்குப் போகும்போது "சித்தி" என்று ஆரம்பிக்கட்டும், அத்தைக்கு "அத்தை" என்று ஆரம்பிக்கட்டும். வீட்டுக்காரர்களுக்கு எழுதும்போது "மிக்க நன்றி"கூட வேண்டியதில்லை. நெருங்கிய உறவில் அந்தச் சொல் தள்ளி வைத்த மாதிரி ஆகிவிடும். "அப்பா ரெண்டு தடவை உங்களைப் போடச் சொன்னார் அத்தை" என்பது போதும், அது உண்மையாக இருந்தால்.

அப்பா பார்க்கும்போது அவர் முகத்தை யாராவது மொபைலில் எடுத்திருப்பீர்கள். அதையும் சேர்த்து அனுப்ப ஆசை வரும். அப்பாவிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள். கண் கலங்கிய முகத்தை மனைவி மக்கள் பார்ப்பது வேறு, அலுவலகத்துக்காரர்கள் பார்ப்பது வேறு. அவர் வேண்டாம் என்றால், நீங்கள் எழுதும் அந்த ஒரு வாக்கியமே போதும்.

இனி அனுப்பும் வழி. வாட்ஸ்அப்பில் வீடியோவாகவே அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். ஏற்கெனவே ஒவ்வொருவரும் வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது ஒரு தடவை சுருங்கி வந்த க்ளிப்புகள்தான் இவை. மறுபடியும் சுருங்கினால் முகங்கள் கட்டம் கட்டமாகவும், நீங்கள் கீழே போட்ட பெயர்கள் மங்கலாகவும் தெரியும். கோப்பாக, அதாவது டாக்குமென்ட்டாக அனுப்பினால் சுருங்காது. ஆனால் 1080p வீடியோவை விநாடிக்கு 8 மெகாபிட் என்ற அளவில் எடுத்திருந்தால், விநாடிக்கு ஒரு மெகாபைட் ஆகிறது. 9 நிமிடம் என்றால் சுமார் 540 எம்பி. அதை முழுவதும் இறக்கிய பிறகுதான் பார்க்க முடியும். பெரியவர்களின் ஃபோன் பாதி நேரம் நிரம்பித்தான் இருக்கும். ஆகவே லிங்க்தான் சரி.

யூடியூபில் ஏற்றி, தெரிவுநிலையை Unlisted என்று வைத்தால், லிங்க் வைத்திருப்பவர்கள் பார்க்கலாம், தேடலில் வராது, பார்ப்பவர் எந்தக் கணக்கிலும் நுழைய வேண்டியதில்லை. Private என்று வைத்தால் நீங்கள் மின்னஞ்சல் கொடுத்து அழைத்தவர்கள், அதுவும் தங்கள் கணக்கில் நுழைந்தால்தான் பார்க்க முடியும், 38 பேரில் பலர் அங்கேயே நின்றுவிடுவார்கள். ஆனால் Unlisted பூட்டு இல்லை என்பதை நினைவில் வையுங்கள். லிங்க் கையில் கிடைத்த யாரும் பார்க்கலாம். செய்தியின் கடைசிப் பத்தியைப் போடச் சொன்னது அதற்காகத்தான்.

யூடியூபில் இரண்டு விஷயம் பலரை மாட்டிவிடுகிறது. ஏற்றியவுடன் குறைந்த தரத்தில்தான் ஓடும், உயர் தரம் தயாராகச் சிறிது நேரம் ஆகும். அதற்குள் அனுப்பினால் முதலில் திறக்கிறவர்கள் மங்கலான படத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். இரண்டாவது பின்னணி இசை. திரைப்படப் பாட்டு எதையாவது போட்டிருந்தால், உரிமை வைத்திருப்பவர்கள் அமைத்திருக்கும் விதியைப் பொறுத்து வீடியோ சில நாடுகளில் தடைபடலாம். ஏற்றும்போது வரும் Checks என்ற படியில் அது தெரியும், முடியும் வரை காத்திருந்து பாருங்கள். தடை என்று வந்தால் இசையை மாற்றுங்கள், அல்லது கூகுள் டிரைவில் வைத்து லிங்க் கொடுங்கள். டிரைவில் வைத்தால் Restricted என்று இருப்பதை Anyone with the link என்று மாற்ற மறக்காதீர்கள். மறந்தால் ஒவ்வொருவரும் அனுமதி கேட்டு உங்களுக்கு மின்னஞ்சல் வரும், கேட்கத் தெரியாதவர்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள்.

லிங்க் சரியாக இருக்கிறதா என்பதை உங்கள் ஃபோனில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. உங்கள் கணக்கு உள்ளே இருப்பதால் உங்களுக்கு எப்போதும் திறக்கும். வீட்டில் வேறு ஒருவர் ஃபோனில், அல்லது பிரௌசரின் இன்காக்னிட்டோ பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள். அப்படியே பெயர்களையும் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். யூடியூபில் ஒரு முறை ஏற்றிய வீடியோவை அதே லிங்க்கில் வேறு கோப்பால் மாற்ற முடியாது. ஒரு பெயரில் எழுத்துப் பிழை என்றாலும் புதிதாக ஏற்றி, புது லிங்க்கைத் திரும்ப 38 பேருக்கு அனுப்ப வேண்டும். டிரைவில் புதிய பதிப்பை அதே லிங்க்கில் ஏற்றலாம், அந்த ஒரு வசதி அதற்கு உண்டு.

குரூப்பில் போட வேண்டாம். அலுவலகத்துக்காரர்களும் உறவினர்களும் ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்க வேண்டிய தேவை இல்லை. அதைவிட, குரூப்பில் நன்றி விழுந்தவுடன் கைகூப்புகிற படங்கள் வரிசையாக வந்து, நீங்கள் எழுதியது மேலே போய் மறைந்துவிடும். வாட்ஸ்அப்பின் பிராட்காஸ்ட் பட்டியல் தனித்தனியாகப் போவது மாதிரி தெரியும், ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். அப்பாவோடு வேலை பார்த்தவர்களிடம் அப்பாவின் எண் இருக்கும், உங்கள் எண் இருக்குமா? இல்லாதவர்களுக்குச் செய்தி போகாது, நீங்களோ எல்லோருக்கும் அனுப்பியாயிற்று என்று இருப்பீர்கள். எப்படியும் முதல் பத்தி ஆளுக்கு ஆள் மாறுவதால், ஒவ்வொருவருக்காகத்தான் அனுப்ப வேண்டும். நோட்டு தயாராக இருந்தால் ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம், இரண்டு மாலைகளில் முடிந்துவிடும். முதல் செய்தியில் உங்கள் பெயரையும், இன்னாருடைய மகள் என்பதையும் போட்டுவிடுங்கள். தெரியாத எண்ணிலிருந்து வரும் லிங்க்கை யாரும் தொட மாட்டார்கள், தொடவும் கூடாது.

யாருக்கு முதலில் என்று கேட்டால், பெரியப்பாவிடம் பேசி முடித்த பிறகு, தாமதமாக அனுப்பிய இருவருக்கும் குரல் பதிவாகாதவருக்கும். அவர்கள் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகு மற்றவர்களுக்கு. உறவினர் வட்டத்தில் ஒருவருக்குப் போனால் அரை மணி நேரத்தில் இன்னொருவருக்கு ஃபோன் போய்விடும், "உனக்கு வந்ததா" என்று கேட்பார்கள். அதனால் ஒரு வட்டத்தை ஒரே மாலையில் முடித்துவிடுங்கள்.

கடைசியாக, "நீங்கள் பேசியது முழுவதும் அப்பாவிடம் தனியாக இருக்கிறது" என்று ஒரு வரி போட்டோமே, அதை எழுதுவதற்கு முன்னால் அது நடந்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பிலிருந்து வரும் க்ளிப்புகள் தேதியும் எண்ணுமாகப் பெயர் வைத்துத்தான் இறங்கும், அப்படியே கொடுத்தால் அப்பாவால் யாரையும் தேடி எடுக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் பேசியவர் பெயரையே தமிழில் வைத்து, அப்பாவின் பழக்கத்துக்கு எது எளிதோ, ஒரு பென் டிரைவிலோ அவர் ஃபோனிலேயே ஒரு போல்டரிலோ போட்டுக் கொடுங்கள், அவரே ஒன்றைத் திறந்து பார்க்கும் வரை பக்கத்தில் இருங்கள். இன்னொரு பிரதியை வேறு இடத்தில் வையுங்கள். நான் செய்த ஒரு தொகுப்பில் பேசிய பெரியவர் ஒருவர் சில மாதங்களில் இறந்துவிட்டார். அவருடைய மகன் கேட்டு வந்தபோது, வீடியோவில் வந்த 12 விநாடியைத்தான் முதலில் கேட்டார். முழுக் க்ளிப் 2 நிமிடத்துக்கு மேல் இருக்கிறது என்று சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பெரியப்பாவின் க்ளிப்பை மட்டும், அவர் பதில் சொல்லும் வரை அந்தப் போல்டரில் வைக்காமல் உங்களிடமே வைத்திருங்கள்.